இருட்டில் வளர்ந்த செடி ஏன் உயரம்?

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் முளைப்பாரி போடுகிற வீட்டுக்குள் வெயிலை நுழைய விடமாட்டார்கள். சட்டியில் எருவையும் வைக்கோலையும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, சன்னலைச் சாத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் தெளித்து வருவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெளிறிய மஞ்சள் நிறத்தில், கொத்துக்கொத்தாக, நெடுநெடுவென்று முளைகள் எழுந்து நிற்கும். அதைத் தலையில் சுமந்து ஊர்வலம் போய்க் கண்மாயில் கரைப்பார்கள். யார் வீட்டு முளைப்பாரி உயரம் என்ற பேச்சு அன்று ஊர் முழுக்க இருக்கும்.

அதே ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி, செடி வளர என்ன வேண்டும் என்று கேட்டால், சூரிய ஒளி, நீர், காற்று, மண் என்று நிறுத்தாமல் ஒப்பிக்கும். வெயிலே படாத அறையில் அத்தனை உயரமாக வளர்ந்த முளைப்பாரியை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறது. ஆனாலும் பார்த்ததும் படித்ததும் அதன் மனதில் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. ஒன்று திருவிழா, மற்றொன்று பாடம். இரண்டையும் ஒருநாள் மோதவிட வேண்டும். அந்த மோதலை வைத்தே தாவர வளர்ச்சியை நடத்தும் பாடத்திட்டம் ஒன்றைப் பார்ப்போம். அதில் ஐந்து கட்டங்கள் உண்டு: ஈர்த்தல், ஆராய்தல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல். பி.எட். படித்தவர்களுக்கு இது தெரிந்த வரிசைதான். ஆங்கிலத்தில் ஐந்து பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ‘ஐந்து இ’ என்பார்கள்.

இந்த வரிசை அமெரிக்காவில் பிறந்தது. 1962-இல் மைரன் அட்கின், ராபர்ட் கார்ப்லஸ் என்ற இருவர், பிள்ளைகள் முதலில் பொருளோடு புழங்கட்டும், கருத்தின் பெயரை ஆசிரியர் பிறகு சொல்லட்டும், அந்தக் கருத்தைப் பிள்ளைகள் வேறிடத்தில் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று மூன்று படிகளாக ஒரு யோசனையை முன்வைத்தார்கள். கார்ப்லஸ் கல்வியியல்காரர் அல்லர், இயற்பியல் அறிஞர். கொலராடோவில் உயிரியல் பாடங்களை உருவாக்கிவந்த பி.எஸ்.சி.எஸ். என்ற அமைப்பில் ராஜர் பைபீயும் அவருடைய குழுவினரும் 1980-களின் பிற்பகுதியில் முன்னால் ஒரு படியும் பின்னால் ஒரு படியும் சேர்த்து ஐந்தாக்கினார்கள். படி மூன்றானாலும் ஐந்தானாலும் அடிப்படை ஒன்றுதான்: அனுபவம் முதலில், பெயர் பிறகு. நம் வகுப்பறையின் வழக்கம் நேர் எதிர். கரும்பலகையில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று முதலில் எழுதிவிட்டுத்தான் இலையைப் பற்றிப் பேசுவோம்.

முதல் கட்டத்தின் பெயரான ‘ஈர்த்தல்’ ஆசிரியர்களைத் தடம்புரள வைக்கிறது. பாட்டுப் பாடுவது, படம் காட்டுவது, கதை சொல்வது என்று கலகலப்பாக ஏதாவது செய்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளையின் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை வெளியே கொண்டுவருவதுதான் இந்தக் கட்டத்தின் வேலை. ஆசிரியர் முளைப்பாரிப் படம் ஒன்றைக் காட்டலாம். பிறகு ஒரே வகைப் பயறு விதைத்த இரண்டு சிரட்டைகளைப் பற்றிக் கேட்கலாம். ஒன்று வெளிச்சத்தில் இருக்கிறது, மற்றொன்று அட்டைப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. எட்டு நாள் கழித்து எது அதிகம் வளர்ந்திருக்கும்? ஏன்? ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி, பெயரும் தேதியும் போட்டுத் தர வேண்டும்.

கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. உள்ளங்கை ஓரத்தில் நிற்கிற ஒரு வேப்பங்கொட்டையையும் ஒரு வேப்பமரத் துண்டையும் மேசைமேல் வைத்து, “இந்தச் சின்ன விதை இவ்வளவு கட்டையாக மாறியதே, இந்தக் கட்டைக்கான சரக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்க வேண்டும். பெரும்பாலான தாள்களில் ‘மண்ணிலிருந்து’ என்று வரும். கொஞ்சம் பேர் தண்ணீர், உரம் என்று எழுதுவார்கள். காற்று என்று எழுதுகிற பிள்ளை அரிது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. 1997-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் விதையையும் மரக்கட்டையையும் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டபோது, அவர்களும் மண், தண்ணீர் என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஆசிரியர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் மிகக் கடினமானது: வாயை மூடிக்கொள்வது. “இல்லம்மா, சரியான விடை என்னன்னா…” என்று தொடங்கினால் மீதி நான்கு கட்டங்களும் வெறும் சடங்காகிவிடும். “அப்படியா, சரி, எழுதி வை” என்பதோடு நிறுத்திக்கொண்டு, தாள்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிட வேண்டும்.

ஆராய்தல் என்ற இரண்டாம் கட்டம்தான் இந்தப் பாடத்தின் உடல். நாட்கணக்கில் பெரும்பகுதி இதற்கே போகும். ஆனால் பாடவேளை அத்தனை தேவையில்லை. விதைக்க ஒரு பாடவேளை, பிறகு தினம் பத்து நிமிடம், கடைசியில் எடை பார்க்க ஒன்று. நடுவே வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

தட்டைப்பயறு எடுத்துக்கொள்வது நல்லது. பாசிப்பயறும் விரைவாக முளைக்கும்தான். ஆனால் விதை சின்னது, எடை பார்க்கையில் வித்தியாசம் தராசுக்குத் தெரியாமல் போய்விடும். தொட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும். கண் உள்ள பாதியாக இருந்தால், மென்மையான கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடிய வழி கிடைத்துவிடும். உள்ளே நன்றாகக் கழுவிய மணல் போட வேண்டும். மண்ணும் தென்னைநார்க் கழிவும் வேண்டாம், அவை வேரோடு ஒட்டிக்கொண்டு வராது போகும், எடைக்கணக்கு கெட்டுவிடும். மணலாக இருந்தால் தண்ணீரில் அலசியதும் உதிர்ந்துவிடும். மணலில் சத்து இல்லையே என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியைப் பலகை ஓரத்தில் எழுதி வைக்கலாம். பிறகு உதவும்.

நாற்பது பிள்ளைகள் என்றால் எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு சிரட்டைகள், சிரட்டைக்குப் பத்து விதை. இரண்டு சிரட்டை வெளிச்சத்தில், இரண்டு இருட்டில். ஒவ்வொரு குழுவும் இன்னும் இருபது விதையை எண்ணி, ஊறவைக்காமல், ஒரு பொட்டலத்தில் கட்டி வைக்க வேண்டும். இது எதற்கு என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியாது. எடை பார்க்கிற நாளில் இந்தப் பொட்டலம் இல்லாவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது என்று திண்டாட வேண்டியிருக்கும்.

வெளிச்சச் சிரட்டையை மொட்டைமாடி வெயிலிலும் இருட்டுச் சிரட்டையை அலமாரிக்குள்ளும் வைக்கிற குழு ஒன்று எப்படியும் இருக்கும். அதில் வெளிச்சம் மட்டும் மாறவில்லை, சூடும் மாறுகிறது, தண்ணீர் காய்கிற வேகமும் மாறுகிறது. மாடியில் உள்ளது நாலாம் நாள் கருகினால் அது வெளிச்சத்தின் வேலையா, வறட்சியின் வேலையா? இரண்டு சிரட்டையும் ஒரே சன்னலோர மேசையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் மட்டும் கறுப்புத்தாள் ஒட்டிய பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். பெட்டிக்குள் ஈரம் சீக்கிரம் காயாது. அதனால் வெளியே உள்ளதற்கு ஊற்றுகிற அளவையே உள்ளேயும் ஊற்றினால் விதை அழுகி, பூஞ்சை பிடிக்கும். விரலால் மணலைத் தொட்டுப் பார்த்து, ஈரம் ஒரே மாதிரி இருக்கும்படி ஊற்றுவதுதான் சரி. பெட்டியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிற நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஆர்வக்கோளாறில் அடிக்கடி திறந்து பார்க்கிற குழுவின் செடி லேசாகப் பச்சை பிடித்துக்கொண்டு குட்டையாக நின்றுவிடும். அந்தக் குழுவைத் திட்ட வேண்டாம். அதுவும் ஒரு விடைதான், கொஞ்ச வெளிச்சமே என்ன செய்கிறது என்று காட்டுகிற விடை.

திங்கட்கிழமை ஊறப்போட்டுச் செவ்வாய்க்கிழமை விதைத்தால் முளை வெளிவரும் நாட்கள் பள்ளி நாட்களாக அமையும். சனி ஞாயிறுக்கு, பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்றிடம் தண்ணீர்ப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் ஆர்வத்தைப் பொறுத்தே சோதனையின் தலையெழுத்து.

எட்டாம் நாள் பெட்டியைத் தூக்கும்போது வகுப்பில் எழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். இருட்டுச் செடிகள் ஒரு சாணுக்கும் மேல் எழுந்து, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். வெளிச்சத்துச் செடிகள் அதில் பாதி உயரம்தான் இருக்கும், ஆனால் தண்டு தடித்து, இலை விரிந்து, பச்சையாக நிமிர்ந்து நிற்கும். தாளில் ‘இருட்டில் வளராது’ என்று எழுதிய பிள்ளைகள்தான் அதிகம். இப்போது அளவுகோல் வேறு எதையோ சொல்கிறது.

“டீச்சர், இருட்டுல உள்ளதுதான் பெருசா வளந்திருக்கு. அப்ப வெளிச்சமே வேண்டாமா?”

“உயரந்தான்டா கூட. இலையப் பாரு, ஒண்ணுமே இல்ல.”

“உயரமா இருந்தா வளந்ததுன்னுதானே அர்த்தம்?”

ஆசிரியர் இங்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பிள்ளைகளே வந்து நிற்கிற இடம் முக்கியமானது: வளர்ச்சி என்றால் எதை அளப்பது? உயரமா, இலையின் அகலமா, இலைகளின் எண்ணிக்கையா, எடையா? ஒவ்வொரு குழுவும் தான் நம்புகிற அளவை எடுத்து அட்டவணை போடட்டும். சில அளவைகளில் இருட்டுச் செடி ஜெயிக்கும், சிலவற்றில் தோற்கும். எல்லாருக்கும் பொதுவான ஒரு தராசு வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வகுப்புக்குள் எழும்.

எடை என்றதும் உடனே பிடுங்கித் தராசில் வைக்கத் தோன்றும். வைத்துப் பார்க்கட்டும். விதையைவிட இரண்டு செடியும் பல மடங்கு கனக்கும். இருட்டுச் செடி வெளிச்சச் செடிக்குச் சமமாகவோ அதிகமாகவோகூட இருக்கலாம். அப்போது ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “ராத்திரி ஊறப்போட்ட சுண்டல் காலையில ரெண்டு பங்கா ஆகுதே, அது வளந்ததா, தண்ணி குடிச்சதா?” அதன் பிறகு, காயவைத்து எடை பார்க்கலாமா என்ற யோசனையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எடைக்கான செடிகளை எட்டாம் நாளில் பிடுங்கக்கூடாது. பன்னிரண்டு, பதினாலு நாளாவது விட வேண்டும். முதல் சில நாட்கள் வெளிச்சத்துச் செடியும் விதையில் இருந்த சேமிப்பைத் தின்றுதான் முளைக்கிறது, அதனால் அதன் உலர் எடையும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இலை விரிந்து வேலை தொடங்கிய பிறகுதான் ஏறும். அவசரப்பட்டுச் சீக்கிரமே எடை பார்த்த வகுப்பில் இரண்டும் ஒன்றுபோல் குறைந்திருக்கும், பாடம் அங்கேயே முட்டுச்சந்தில் நின்றுவிடும். இன்னொன்று, பயறின் இரண்டு பருப்புகளும் தண்டில் சுருங்கித் தொங்கிப் பிறகு உதிர்ந்துவிடும். உதிர்ந்ததையும் பொறுக்கிச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

செடிகளை வேரோடு எடுத்து, மணலை அலசி, தாளில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். கட்டி வைத்த இருபது விதைகளை லேசாக நொறுக்கி அவற்றோடு சேர்த்துக் காயப்போட வேண்டும். காய்ந்ததுபோல் தெரியும் பயறுக்குள்ளும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும். ஒருநாள் எடைக்கும் அடுத்தநாள் எடைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் காய்ந்தது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனையை வைத்துக்கொண்டால் கதை கந்தலாகிவிடும். ஆடி, ஆவணி அல்லது தை மாதம் தோதானது. சமையலறைத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது. நூறில் ஒரு கிராம் வரை காட்டுகிற சின்ன மின்னணுத் தராசு வாங்கலாம். இல்லையென்றால் நகைக்கடைக்காரரிடம் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு போகலாம். எட்டுக் குழுவின் செடிகளையும் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டு, எண்ணிக்கையால் வகுத்துச் செடிக்கு எவ்வளவு என்று பார்த்தால், முளைக்காமல் போன விதைகளின் தொல்லையும் தீரும்.

புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். உலர்ந்த விதை நூறு, 11 கிராம் என்று இருக்கட்டும். அப்படியானால் நூறு இருட்டுச் செடிகளின் உலர் எடை அந்த 11-ஐத் தொடாது, எட்டு ஒன்பதுக்கு வந்திருக்கும். நூறு வெளிச்சச் செடிகளின் எடை 11-ஐத் தாண்டியிருக்கும். உண்மையான எண்கள் பயறு ரகம், வெயில், நாள்கணக்கைப் பொறுத்து மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது. ஒரு சாணுக்கு மேல் உயர்ந்த செடி, தான் புறப்பட்ட விதையைவிட இளைத்துப்போயிருக்கிறது. அளவுகோலும் தராசும் எதிரெதிராகச் சாட்சி சொல்கின்றன.

விளக்குதல் இப்போதுதான் தொடங்குகிறது. அதிலும் முதல் பேச்சு பிள்ளைகளுடையது. ஒவ்வொரு குழுவும் தன் அட்டவணையை வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்ல வேண்டும். “வெளிச்சத்தத் தேடி ஓடுது சார்” என்று ஒருவன் சொல்வான். அழகான வாக்கியம், பாதி உண்மை. செடிக்குத் தேடத் தெரியாது, கண்ணுமில்லை. விதை மண்ணுக்கடியில் முளைக்கிற பொருள். மண்ணைத் தாண்டி மேலே வரும்வரை தண்டு மளமளவென்று நீள வேண்டும், இலையை விரித்துப் பயனில்லை. வெளிச்சம் பட்டதும், செடியில் ஒளியை உணரும் சில நிறமிகள் அந்த நீட்சிக்குக் கடிவாளம் போடுகின்றன. தண்டு நிதானிக்கிறது, இலை விரிகிறது, பச்சையம் உண்டாகிறது. பெட்டிக்குள் இருக்கிற செடிக்குக் கடிவாளம் விழவே இல்லை. இன்னும் மண்ணுக்குள் இருப்பதுபோலவே அது நீண்டுகொண்டே போகிறது. அதற்கான செலவை விதையின் பருப்புகளே தருகின்றன. பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது, தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எடை ஏன் குறைந்தது என்பதைப் பலர் இந்த இடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். பருப்பிலிருந்த சரக்கு தண்டுக்குப் போனது என்றால் மொத்த எடை மாறக்கூடாதே? ஒரு பகுதி தண்டாக மாறியது. மற்றொரு பகுதியைச் செடி சுவாசித்தலில் செலவழித்துக் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் விட்டுவிட்டது. செடியும் சுவாசிக்கிறது, இரவும் பகலும். வெளிச்சத்துச் செடியும் அதே செலவைச் செய்கிறது. ஆனால் அதற்கு வரவும் உண்டு. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் வேர்வழி வந்த நீரையும் சேர்த்து, ஒளியின் உதவியால் சர்க்கரை செய்கிறது. பிள்ளைகள் வரவு செலவைப் பேசிமுடித்த பிறகு, அந்த வரவுக்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர் என்பதை ஆசிரியர் பலகையில் எழுதலாம். சத்தே இல்லாத மணலிலும் எடை கூடியதே என்று ஓரத்தில் எழுதிவைத்த கேள்வியை இப்போது எடுத்தால், மண்தான் சாப்பாடு என்ற நம்பிக்கை முதன்முறையாக ஆட்டம் காணும்.

ஆட்டம் காணும், அவ்வளவுதான். காற்று கட்டையாகிறது என்பதை ஒரு பாடவேளையில் யாரும் நம்பிவிடுவதில்லை. நான்காவது கட்டமான விரித்தல் அதற்குத்தான். பத்து நாள் சோதனையில் கண்டதைப் பத்தாண்டு மரத்துக்கும் நீட்டிப் பார்ப்பது. இதற்குத் தோட்டம் போடத் தேவையில்லை. கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சோதனையின் எண்கள் போதும்.

இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த யான் வான் ஹெல்மான்ட் என்பவர், நன்றாக உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாதபடி தொட்டிக்குத் துளையிட்ட தகரமூடி போட்டு, மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மேல். மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டால் ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ்தான் குறைவு. பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648-இல் வெளிவந்த நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. இந்த எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, அவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்றார் அவர். தாங்கள் பெட்டியும் தராசும் வைத்துப் பார்த்த பிள்ளைகள் அவர் எதை அளக்காமல் விட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றினார், மண்ணை எடைபோட்டார், மூடி போட்டுத் தூசியைத் தடுத்தார். மரத்தைச் சுற்றியிருந்த காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே ஹெல்மான்ட் 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்றும் எழுதிவைத்திருக்கிறார். விடையின் ஒரு பாதி ஒரு கையிலும், மறுபாதி மறுகையிலும் இருந்தது. இரண்டையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்க இன்னும் நூற்றைம்பது ஆண்டு ஆனது. வெளிச்சத்தின் பங்கை 1779-இல் இங்கன்ஹௌஸ் காட்டினார். செடியில் கூடும் எடை கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் நீரிலிருந்தும் சேர்ந்து வருகிறது என்று 1804-இல் டி சோசூர் அளந்து சொன்னார். ஏழாம் வகுப்புக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடத்துக்கு அல்ல.

சாம்பல் சோதனையைப் பள்ளியிலும் செய்யலாம். நன்றாகக் காய்ந்த விறகுத்துண்டை ஆசிரியர் வெளியே தகரத்தட்டில் வைத்து வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்து, எடைபோட்டுக் காட்டட்டும். கட்டையில் நூறில் ஓரிரு பங்கே மிஞ்சும். மண்ணிலிருந்து மரம் எடுத்த உப்புகள் ஏறக்குறைய அவ்வளவுதான். (மண்ணிலிருந்து வந்த நைட்ரஜன் புகையோடு போய்விடும் என்பதால் துல்லியமான கணக்கு அல்ல இது.) “அப்ப எதுக்கு சார் எங்கப்பா யூரியா போடுறாரு?” என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். அந்தச் சிறு பங்கு இல்லாமல் இலையும் பச்சையமும் உருவாகாது, பயிர் நின்றுவிடும். அளவில் சிறியது என்பதால் தேவையற்றது ஆகிவிடாது. உரத்தைப் பயிரின் சாப்பாடு என்று வயலில் சொல்வது வழக்கம். அந்த வழக்கை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். செடி தன் உடம்பைக் கட்டுகிற சரக்கு பெரும்பாலும் வேறு வழியாக வருகிறது என்பது தெரிந்தால் போதும்.

மிச்சமிருக்கும் இருட்டுச் சிரட்டை ஒன்றை வெளியே எடுத்து நிழலான வெளிச்சத்தில் வைத்தால், ஓரிரு நாளில் மஞ்சள் இலைகள் பச்சையாகி விரியும். நீண்டுபோன தண்டு மட்டும் குறுகாது. உச்சி வெயிலில் வைத்தால் துவண்டு செத்துவிடும், அதனால் நிழல்.

மதிப்பிடுதல் என்றதும் ‘ஒளிச்சேர்க்கை வரையறு’ என்று வினாத்தாள் அச்சடித்தால் இத்தனை நாள் செலவுக்கு அர்த்தமில்லை. அந்தக் கேள்விக்கு, சோதனையே செய்யாத பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கும். முதலில், பூட்டி வைத்த தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அன்று எழுதியதை அழிக்காமல் வேறு நிற மையில் இன்றைய விடையை எழுதச் சொல்லலாம். முந்தைய விடைக்கு மதிப்பெண் கிடையாது, மாற்றத்துக்கும் அதற்குச் சொல்லும் ஆதாரத்துக்கும் உண்டு. ‘மண் என்று நினைத்தேன், காற்று என்பதே சரி’ என்று மட்டும் எழுதினால் ஒரு மதிப்பெண். மணலிலேயே எடை கூடியது, இருட்டில் குறைந்தது என்று தராசைச் சாட்சிக்கு அழைத்தால் மூன்று. ‘ஆனால் எங்கள் குழுவில் இரண்டு செடி உடைந்தது, அதனால் எங்கள் எண் நம்பத்தக்கதல்ல’ என்று எழுதுகிற பிள்ளைக்கு நான்கு தரலாம்.

அடுத்து, வகுப்பில் பேசாத ஒன்றைக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த கேள்வி வெங்காயக் கூடையிலிருந்து வருவது: சமையலறை மூலையில் கிடந்த பெரிய வெங்காயம் ஒன்று தண்ணீர்கூட இல்லாமல் முளைவிட்டு, விரல் நீளத்துக்குப் பச்சைத் தாளை நீட்டியிருக்கிறது. முளைப்பதற்கு முன் எடைபோட்டிருந்தால், இப்போது எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?

‘இலை வந்திருப்பதால் கூடியிருக்கும்’ என்று எழுதுகிற பிள்ளை வளர்ச்சியை இன்னும் கண்ணாலேயே அளக்கிறது. ‘ஒளிச்சேர்க்கை செய்ததால் கூடியிருக்கும்’ என்பது சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்கை விட்ட விடை. பச்சையாக இருக்கிறதே என்ற நியாயம் அதில் உண்டு, ஆனால் மங்கலான மூலையில் வரவு மிகக் குறைவு. ‘வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லை, ஈரம் ஆவியாகிறது, வெங்காயத்தில் இருந்த சரக்குதான் இலையானது, கொஞ்சம் சுவாசித்தலில் போயிற்று, அதனால் குறையும்’ என்பது பாடம் சேர்ந்த விடை. இவ்வளவு கோவையாக ஒன்றிரண்டு பிள்ளைகளே எழுதுவார்கள். மற்றவர்களிடம் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தால், அடுத்து எதை நடத்த வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆவியாதலை மட்டும் சொல்லிச் சுவாசித்தலை விட்டவர்கள் அதிகம் என்றால், அடுத்த பாடவேளையில் விடையைச் சொல்லாமல், ஒரு முளைவிட்ட வெங்காயத்தையும் அந்த நகைத்தராசையும் மேசைமேல் வைத்துவிடலாம். இந்த முறை உலர்த்தி எடைபார்க்கலாம் என்று யார் முதலில் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.